‘இன்னும்’ என்ற சொல்லை எங்கே வைப்பது

சிவப்பு மையால் ஒரு சொல்லை அடித்தேன். அடித்து மாதக்கணக்காகிறது, ஆனாலும் அந்தக் கோடு கண்ணில் நிற்கிறது. பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு சந்துக்குள், மாடிப்படிக்குக் கீழே இருக்கும் முன்னறையில் மாலையில் பதினோரு பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுக்கிறேன். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, இரண்டு நாள் வராமல் இருந்துவிட்டு, வராததற்கான காரணத்தை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு வந்தாள். அம்மாவுக்குக் காய்ச்சல். அம்மா வீட்டிலேயே மெஷின் போட்டு நைட்டி தைப்பவர். மெஷின் நின்றால் வீட்டில் எல்லாமே நின்றுபோகும். மூன்றாவது வரியில் இப்படி எழுதியிருந்தாள்: மை மதர் இஸ் மோர் பெட்டர் தேன் யெஸ்டர்டே. ஆங்கில வரிக்கு மேலே, எப்படிப் படிக்க வேண்டும் என்பதைப் பென்சிலால் தமிழ் எழுத்தில் எழுதிவைப்பது அவள் வழக்கம். அப்படி எழுதும்போது மையும் மோரும் தேனும் ஒரே வாக்கியத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். பையன்கள் அதைப் படித்துச் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டேதான் அந்த மோரை அடித்தேன். ‘பெட்டர்னாலே மோர் உள்ள இருக்கு, ரெண்டு தடவ சொல்லக் கூடாது’ என்றேன். அவள் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ‘நேத்தே பெட்டர் மிஸ். இன்னிக்கி இன்னும் பெட்டர். அது எப்டி மிஸ் எழுதறது?’ என்றாள். ‘பெட்டர்னு மட்டும் எழுது, போதும்’ என்று சொல்லிவிட்டு அடுத்த நோட்டை எடுத்துவிட்டேன்.

போதாது என்பது அன்று இரவு பாத்திரம் கழுவும்போது உறைத்தது. அவள் சொன்னதில் மூன்று நாட்கள் இருந்தன. முந்தாநாள் காய்ச்சல் அடித்தது. நேற்று கொஞ்சம் தேவலை. இன்று அதற்கும் மேல் தேவலை. நான் திருத்திய வாக்கியத்தில் இரண்டு நாட்களே மிச்சம். நேற்றைவிட இன்று பரவாயில்லை, அவ்வளவுதான் அது சொல்கிறது. நேற்று எப்படி இருந்தார் என்று அதற்குத் தெரியாது. நேற்று மிக மோசமாகவே இருந்திருந்தாலும் அந்த வாக்கியம் சரியாகவே இருக்கும். ‘இன்னும்’ என்ற சொல் அப்படி விடாது. ‘இன்னும் நல்லா இருக்காங்க’ என்றால் ஏற்கெனவே நல்லா இருந்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். அவள் அந்த ‘இன்னும்’ என்பதற்காகத்தான் மோரைத் தேடிப் பிடித்து வைத்திருக்கிறாள். தப்பான சொல்தான். ஆனால் அந்த இடம் காலி இல்லை. அங்கே வர வேண்டிய சொல் வேறு ஒன்று. ஈவன் பெட்டர் என்று எழுதிக்கொடுத்திருக்கலாம், ஸ்டில் பெட்டர் என்றும் எழுதலாம். நான் தப்பை எடுத்தேன், அதோடு அவள் சொல்ல வந்ததையும் சேர்த்து எடுத்துவிட்டேன்.

இந்தப் பிழையை யார் செய்கிறார்கள் என்று கவனித்திருக்கிறேன். சின்னப் பிள்ளைகள் செய்வதில்லை. அவர்கள் மோர் குட், மோர் பிக் என்று எழுதுவார்கள். அது வேறு தப்பு; அதில் ஒரு நியாயமும் உண்டு, ஒப்பீட்டுக்கு ஒரு சொல், குணத்துக்கு ஒரு சொல், கணக்கு நேர். மோர் பெட்டர், மோஸ்ட் ஃபாஸ்டஸ்ட் எல்லாம் வருவது அதற்குப் பிறகு, குட் பெட்டர் பெஸ்ட், ஃபாஸ்ட் ஃபாஸ்டர் ஃபாஸ்டஸ்ட் என்று மூன்று கட்டம் போட்ட பட்டியலை மனப்பாடம் செய்த பிறகு. அதாவது படித்ததால் வருகிற பிழை இது. பட்டியலில் நடுக் கட்டத்தில் இருக்கும் சொல்லைப் பிள்ளை எடுத்துக்கொள்கிறது. அந்தக் கட்டம் எதற்காக என்பது ஒட்டிக்கொண்டு வருவதில்லை. ஏன் வருவதில்லை என்று யோசித்தால் பழி பிள்ளை மீது விழவில்லை, தமிழ் மீது வந்து நிற்கிறது. தமிழில் குணத்தைச் சொல்கிற சொல் ஒப்பிடும்போது உருமாறுவதே கிடையாது. நல்ல என்பது எப்போதும் நல்லதான். அதைவிட நல்லது, எல்லாத்தையும்விட நல்லது, ஊரிலேயே நல்லது. மாறுவது எதிரே இருக்கிற பொருள். விட, காட்டிலும், இலும் எல்லாம் போய் ஒட்டுவது அதன் முதுகில். பழைய இலக்கணத்திலும் இப்படித்தான். ஒப்புக்கும் உறழ்ச்சிக்கும் ஐந்தாம் வேற்றுமை. உருபு பெயரோடு சேரும், பண்போடு சேராது. தொல்காப்பியர் இந்த வேற்றுமைக்குப் பொருள் அடுக்கும்போது வண்ணத்தில் தொடங்கி, வடிவு, அளவு, சுவை, தண்மை, வெம்மை என்று போகிறார். நன்மை, தீமை, புதுமை, பழமை எல்லாம் அதில் உண்டு. காக்கையைவிடக் களாப்பழம் கறுப்பு என்பது உரையாசிரியர்கள் காட்டும் உதாரணம். அங்கே கறுப்பு கறுப்பாகவே இருக்கிறது. காக்கை மட்டும் ஓர் உருபை வாங்கிக்கொள்கிறது.

இரண்டாயிரம் வருடப் பழக்கம் என்று பெருமையாகச் சொல்ல வரவில்லை. அந்தப் பழக்கத்தில் வளர்ந்த காது, ஒரு சொல்லின் வாலில் ஒப்பீடு ஒளிந்திருக்கும் என்று எதிர்பார்ப்பதில்லை. ஃபாஸ்டர் என்றால் அதற்கு ஒரு வேகமான சொல் என்று மட்டும்தான் கேட்கிறது. ஆங்கிலம் ஒப்பீட்டைக் குணச்சொல்லின் உடம்புக்குள்ளேயே தைத்துவிடுகிறது. சின்னச் சொல்லாக இருந்தால் தையல் எடுக்கும்: ஃபாஸ்டர், டாலர், க்ளீனர். ஹேப்பி மாதிரி இகரத்தில் முடிகிற ஈரசைச் சொல்லும் எடுக்கும், ஹேப்பியர். ப்யூட்டிஃபுல், டேஞ்சரஸ் மாதிரி நீளமான சொல்லில் வால் தைத்தால் தாங்காது, அதனால் மோர் என்பதை முன்னால் தனியாக வைக்கிறார்கள். வழி இரண்டு, போய்ச் சேரும் இடம் ஒன்று. ஒன்றில் ஏறிவிட்டால் இன்னொன்றில் ஏறத் தேவையில்லை. நான் பிள்ளைகளுக்குச் சொல்வது: ஒரு சீட்டுக்கு ரெண்டு டிக்கெட் எடுக்காதே. சொன்னதும் புரிந்த மாதிரி தலையாட்டுவார்கள். சொன்ன எனக்குத்தான் பிற்பாடு சந்தேகம் வந்தது. ரெண்டு டிக்கெட் எடுத்தால் காசு நஷ்டம். ரெண்டு தடவை சொன்னால் யாருக்கு என்ன நஷ்டம்? மொழி எங்கேயாவது இப்படிச் சிக்கனம் பார்த்திருக்கிறதா?

குறிப்பாகத் தமிழ். அழுத்திச் சொல்ல வேண்டுமென்றால் நாம் செய்வதே இரட்டிப்பதுதான். சின்னஞ்சிறுசு, புத்தம்புதுசு, பட்டப்பகல், நட்டநடு, செக்கச்செவேல், கன்னங்கரேல், பச்சைப்பசேல். இந்தப் பேட்டை உண்டானதே வெள்ளைக்காக. கம்பெனிக் காலத்தில் கப்பலேறும் துணியை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்த இடம். வெளுத்த துணிக்குத் தமிழில் அடுத்த படி வெள்ளையைவிட அதிக வெள்ளை இல்லை, வெள்ளைவெளேர். ஒரே குணத்தை இரண்டு முறை சொல்கிறோம், வெளுப்பு கூடிவிடுகிறது. இந்தக் காதோடு போய் மோஸ்ட் ஃபாஸ்டஸ்ட் என்று எழுதுகிற பையனுக்கு அது தப்பாகத் தெரியாது, பலமாகத் தெரியும். விளையாட்டு நாளைப் பற்றி எழுதச் சொன்னால் நூறு மீட்டரில் முதலாவதாக வந்தவனை மோஸ்ட் ஃபாஸ்டஸ்ட் என்றுதான் எழுதுகிறான். வெறும் ஃபாஸ்டஸ்ட் என்றால் ஏதோ குறைத்துச் சொன்ன மாதிரி அவனுக்கு இருக்கிறது. நடுசென்டர் என்று சொல்கிற ஊர் இது. நடு என்றாலும் சென்டர்தான், சென்டர் என்றாலும் நடுதான். இரண்டும் சேர்ந்தால் அது கச்சிதமான நடு, ஒரு அங்குலம்கூட விலகாத நடு. நானே ஆட்டோக்காரரிடம் அப்படிச் சொல்லியிருக்கிறேன். அவர் சரியாகக் கொண்டுபோய் இறக்கியும் விட்டார்.

எம்.சி. ரோட்டில் தீபாவளி நெருக்கத்தில் ஒரு துணிக்கடையில் நின்றபோது இன்னொரு விஷயம் காதில் விழுந்தது. கஞ்சி வாடையும் புது பாலித்தீன் வாடையும் மூக்கில் ஏற, விற்பனைப் பையன் மூன்று சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்துப் போட்டான். ‘இது நல்லா இருக்கும்க்கா. இது பெட்டரு. இன்னும் பெட்டரா வேணும்னா இது.’ எதைவிடப் பெட்டர் என்று அவன் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பெட்டர் என்பது அவனுக்கு ஒரு தரத்தின் பெயர், ஒரு விலையின் பெயர். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் இருந்து தேறினால் ‘இப்ப பெட்டர்’ என்கிறோம். அதற்கும் தேவலை என்றுதான் அர்த்தம். பெட்டர் தமிழுக்குள் வந்து வெகு காலமாகிறது. வரும்போது முழுச்சொல்லாக வந்தது, அதன் தையலைப் பிரித்துப் பார்த்து நாம் எடுத்துக்கொள்ளவில்லை. ஒப்பீடு உள்ளே இருந்தது, இறுகிப்போய்விட்டது. அதனால் ‘இன்னும் பெட்டர்’ என்பது தமிழில் பிழையே இல்லை. அந்தப் பெண் எழுதியது நல்ல தமிழ் வாக்கியம். அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போது இன்னும் என்பது மோர் ஆகிவிட்டது, பெட்டர் ஏற்கெனவே ஆங்கிலம்தானே என்று அப்படியே நின்றுவிட்டது. இதே குணம் பெஸ்ட்டுக்கும் உண்டு. ‘ரொம்ப பெஸ்ட்டு’ என்று கேட்காதவர் சென்னையில் இருக்க மாட்டார்கள். பெஸ்ட் என்றால் அதற்கு மேல் ஒன்றும் இல்லை என்பது அகராதிக்குத் தெரியும். எம்.சி. ரோட்டில் அதற்கு மேலே இரண்டு அடுக்கு உண்டு.

இறுகிப்போவது நம்மிடம் மட்டும் நடப்பதாகவும் நினைக்க வேண்டாம். அலுவலகத்தில் ‘அவர் என்னைவிட சீனியர்’ என்கிறோம். சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர் எல்லாம் லத்தீனில் ஒப்பீட்டு வடிவங்கள். சீனியர் என்றாலே ‘அதிக மூத்த’ என்றுதான் பொருள். ஆனால் ஆங்கிலேயர் மோர் சீனியர் என்று தாராளமாக எழுதுகிறார்கள், எந்த ஆசிரியரும் சிவப்பு மையை எடுப்பதில்லை. லத்தீனின் வால் அவர்கள் காதுக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான். சுப்பீரியர் விஷயத்தில் மட்டும் பாதி கேட்கிறது போல. மோர் சுப்பீரியர் என்றால் இன்றும் முகம் சுளிப்பார்கள். அவர்கள் லத்தீனுக்குச் செய்ததை நாம் ஆங்கிலத்துக்குச் செய்தால் அது பிழை. இதில் நியாயம் தேடுவது வீண். ஆனாலும் நான் கொஞ்ச நேரம் தேடினேன்.

தேடியதில் ஷேக்ஸ்பியர் அகப்பட்டார். டெம்பெஸ்ட் நாடகத்தில், கப்பல் உடைந்து நொறுங்கியதைக் கண்டு நடுங்கும் மகளிடம், நீ நினைப்பதைவிட நான் உயர்ந்த நிலையில் இருந்தவன் என்று ப்ராஸ்பரோ சொல்லத் தொடங்குகிறான். அங்கே அவன் சொல்வது நான் அடித்த அதே இரண்டு சொற்கள், மோர் பெட்டர். ஜூலியஸ் சீசரில் சீசரின் மேலங்கியில் கத்தி பாய்ந்த கிழிசல்களை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வரும் ஆன்டனி, ப்ரூட்டஸ் குத்திய இடத்துக்கு வரும்போது மோஸ்ட்டையும் எஸ்ட் விகுதியையும் ஒரே சொல்லில் ஏற்றுகிறான். அந்தக் காலத்தில் அது பிழை இல்லை, குரலை உயர்த்தும் வழி. பென் ஜான்சன் எழுதி, அவர் இறந்த பிறகு 1640இல் அச்சான இலக்கணத்தில், இப்படி இரட்டிப்பதைப் பழைய கிரேக்கர்களின் நேர்த்தியோடு ஒப்பிட்டுப் புகழ்கிறார். புகழும் வாக்கியத்திலேயே ஒரு இரட்டை மோஸ்ட்டை வேண்டுமென்றே வைத்திருக்கிறார். நூற்றிச் சொச்சம் வருடம் கழித்து, 1762இல், பின்னாளில் லண்டன் பிஷப் ஆன ராபர்ட் லௌத் தன் இலக்கண நூலில் இதைத் தவறு என்று எழுதினார். அவரும் ஒரு விலக்கு வைத்தார். பழைய சங்கீத மொழிபெயர்ப்பில் கடவுளை மோஸ்ட் ஹையஸ்ட் என்று அழைத்திருப்பது பொருத்தம்தானாம், உயர்ந்ததிலும் உயர்ந்தவர் என்பதால். கடவுளுக்கு இரண்டு டிக்கெட் உண்டு. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு என் சீட்டு உவமை மீது கொஞ்சம் வெட்கமும் வந்தது. மோர் பெட்டர் தப்பானது கணக்கால் இல்லை, படித்தவர்கள் ஒரு காலத்தில் கூடி எடுத்த முடிவால். அந்த முடிவு பள்ளிக்கூடம் வழியாக என் சிவப்புப் பேனாவரை வந்து சேர்ந்திருக்கிறது. முடிவை நான் மதிக்கிறேன். பரீட்சைத் தாளிலும் வேலைக்கான விண்ணப்பத்திலும் அந்த மோர் நின்றால் இந்தப் பிள்ளைகள்தான் நஷ்டப்படுவார்கள், ப்ராஸ்பரோ வந்து சாட்சி சொல்ல மாட்டான். ஆனால் உள்ளே இருக்கிறதை ரெண்டு தடவை சொல்லக் கூடாது என்கிற காரணத்தை மட்டும் இனி நான் சொல்லப்போவதில்லை.

ஏனென்றால் அந்தக் காரணம் ஆங்கிலத்துக்கே ஒத்துவரவில்லை. நியரர் என்ற சொல்லைப் பாருங்கள். நியர் என்பதே பழங்காலத்தில் ‘அதிகம் பக்கத்தில்’ என்ற ஒப்பீட்டு வடிவம். அது தேய்ந்து வெறும் பக்கம் ஆனதும் இன்னொரு வால் தைத்து நியரர் ஆக்கினார்கள். லெஸ் என்பது குறைவு என்ற ஒப்பீடு. லெஸ்ஸர் அதற்கு மேல் ஒன்று. ஃபோர்மோஸ்ட் இன்னும் வேடிக்கை. முதலாவது என்ற பொருள் தரும் பழைய உச்சவடிவம் ஒன்று இருந்தது, அதன் விகுதி காதுக்குக் கேட்காமல் போனதும் எஸ்ட் சேர்த்தார்கள், அப்புறம் அதன் கடைசியை மோஸ்ட் என்று நினைத்துக்கொண்டு எழுத்தையும் மாற்றிவிட்டார்கள். மூன்றையும் இன்று யாரும் அடிப்பதில்லை. இதைப் படித்துக்கொண்டிருந்தபோது சட்டென்று நம் ஊர்ப் பெயர் ஞாபகம் வந்தது. வண்ணான் ஒருவர், வண்ணார் பலர். அந்த அர் பன்மை. பன்மை மரியாதையாகி, ஒருவரையே அவர் என்று சொல்லத் தொடங்கியதும் பலரைச் சொல்ல அந்த அர் போதவில்லை, கள் சேர்த்தோம். அவர் அவர்கள் ஆனார், வண்ணார் வண்ணார்கள் ஆனார்கள். பன்மைக்கு மேல் பன்மை. தமிழாசிரியர் யாரும் அவர்கள் என்பதில் உள்ள கள்ளை அடித்து, ‘அர்லயே பன்மை இருக்கு, ரெண்டு தடவ சொல்லாதே’ என்று சொல்வதில்லை. சொன்னால் வகுப்பே எழுந்து வெளியே போய்விடும். தேய்ந்த இடத்தில் ஒட்டுப் போடுவது மொழியின் வேலை. மோர் பெட்டரும் ஒட்டுத்தான், ஆனால் பெட்டர் தேய்ந்தது நம் பேச்சில். ஒட்டுப் போட்டது அவர்கள் துணியில். அதனால்தான் அங்கே துருத்திக்கொண்டு தெரிகிறது.

சரி, பிள்ளைகளுக்கு என்ன சொல்வது? யோசித்துப் பார்த்ததில், பெட்டருக்கு முன்னால் அவர்கள் எதையாவது வைக்க நினைத்தால் முதலில் அதைத் தமிழில் கேட்க வேண்டும் என்று தோன்றியது. ‘ரொம்பவே நல்லா’ என்று எவ்வளவு தூரம் என்பதைச் சொல்ல வந்திருந்தால், அது வித்தியாசத்தின் அளவு. அங்கே மச் பெட்டர் அல்லது ஃபார் பெட்டர் வரும். மோர் இந்த அளவைச் சொல்லாது. கொஞ்சம் என்றால் அ லிட்டில் பெட்டர். ‘இன்னும்’ என்று முன்பே நல்லா இருந்ததன் மேல் ஏற்றிச் சொல்ல வந்திருந்தால் ஈவன், ஸ்டில். மோஸ்ட் ஃபாஸ்டஸ்ட் என்று எழுதினவனிடம் கேட்டால், ‘எல்லாரையும் எங்கியோ விட்டுட்டு ஓடினான் மிஸ்’ என்பான். அதற்கு பை ஃபார் த ஃபாஸ்டஸ்ட் இருக்கிறது, அவன் மனத்தில் உள்ள இடைவெளி அதில் அப்படியே வந்துவிடும். ஒன்றும் சொல்ல வரவில்லை, பழக்கதோஷம் என்றால் மட்டும் மோரை அடிக்கலாம். இதில் ஒரு பிடிமானமும் உண்டு. மோரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மச் போட்டுப் பார்ப்பது. வாக்கியம் நின்றால், பிள்ளை தேடியது அளவு. நிற்கிறது, ஆனால் பொருள் சரியில்லை என்று பிள்ளையே முகம் சுளித்தால், அது தேடுவது இன்னும் என்பதை. அந்தப் பெண்ணிடம் மச் பெட்டர் என்று சொல்லிப்பார்த்திருந்தால் ‘அவ்ளோ இல்ல மிஸ்’ என்றிருப்பாள். அம்மா எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார், மெஷினில் இன்னும் உட்காரவில்லை.

எல்லா மோரையும் கண்மூடி அடிக்கவும் கூடாது என்று ஒரு பையன் எனக்குக் காட்டினான். 2021 பிப்ரவரியில் மெட்ரோ எங்கள் பக்கத்தைத் தாண்டி விம்கோ நகர் வரை ஓட ஆரம்பித்தது. அதைப் பற்றி எழுதச் சொன்னபோது, நார்த் சென்னை நீட்ஸ் மோர் ஃபாஸ்டர் ட்ரெயின்ஸ் என்று முடித்திருந்தான். பேனாவை எடுத்துவிட்டேன். ‘மிஸ், நெறைய ட்ரெயின் வேணும், அதுவும் ஃபாஸ்டா போற ட்ரெயினா வேணும்’ என்றான். சரிதான். அவனுடைய மோர் ஃபாஸ்டரோடு சேரவில்லை, ட்ரெயினோடு சேர்ந்தது, அது எண்ணிக்கை. பத்து ஃபாஸ்டர் ட்ரெயின்ஸ் என்று போட்டுப் பார்த்தால் வாக்கியம் அசையாமல் நிற்கும். மோர் பெட்டரில் பத்து என்று போட்டால் உடனே குப்புற விழும். அதே மாதிரி, ஒரே ஆளுக்குள் இரண்டு குணங்களை எடைபோடும்போது குட்டிச் சொல்லுக்கும் மோர்தான் வரும்: கோபத்தைவிட வருத்தம்தான் அவனுக்கு என்பதற்கு மோர் சேட் தேன் ஆங்க்ரி. அங்கே சேடர் என்று திருத்தினால் திருத்தியவர் தப்பு. நான் அப்படித் திருத்தியும் இருக்கிறேன், எத்தனை நோட்டில் என்று நினைவில்லை.

பரீட்சைக்கு வருவது இதெல்லாம் இல்லை. வாக்கியத்தை ஒரு டிகிரியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றச் சொல்வார்கள். நோ அதர் என்று தொடங்கினால் எப்படி, வெரி ஃப்யூ என்று தொடங்கினால் எப்படி. பிள்ளைகள் சூத்திரம் மாதிரி மாற்றிவிட்டுப் போய்விடுகிறார்கள், முழு மதிப்பெண். இதில் வேடிக்கை, அந்த நோ அதர்தான் நம் பேச்சுக்குக் கிட்டத்தில் இருக்கிறது. ‘அவன மாதிரி வேற எவனும் ஓட மாட்டான்.’ தமிழில் உச்சத்தைச் சொல்ல மற்றவர்களைக் கூட்டிவந்து நிறுத்தித்தான் ஆக வேண்டும். எல்லாரையும்விட, தெருவிலேயே, ஸ்கூலிலேயே. ஆங்கிலத்தில் பெஸ்ட் என்று சொல்லிவிட்டு யாரைவிட என்பதை மறைத்துக்கொள்ளலாம், விளம்பரங்கள் அதில்தான் பிழைக்கின்றன. எங்கள் இலக்கியப் பத்திரிகைகளில் எழுதுபவர்களுக்கும் அந்த ஆசை வந்திருக்கிறது. சிறந்த என்பது போதாமல் மிகச் சிறந்த, அதுவும் போதாமல் ஆகச் சிறந்த. மாதம் ஒரு ஆகச் சிறந்த நாவல் வெளியாகிறது. சிறந்த என்றாலே மேம்பட்ட என்றுதானே பொருள் என்று யாரிடமாவது சொல்ல எனக்கு நாக்கு துறுதுறுக்கும். சொல்வதில்லை, நானும் எழுதியிருக்கிறேன்.

அந்த நோட்டை நான் மறுபடி கேட்டு வாங்கினேன். அடித்த மோருக்கு மேலே, அவளுடைய பென்சில் எழுத்துக்குப் பக்கத்தில், ஈவன் என்று எழுதி, முந்தாநாள், நேற்று, இன்று என்று மூன்று படி வரைந்து காட்டினேன். முதல் படி காய்ச்சல், இரண்டாவது பெட்டர், மூன்றாவது ஈவன் பெட்டர். சந்தில் யாரோ தண்ணீர் லாரிக்குக் குடத்தை வரிசை வைக்கும் பிளாஸ்டிக் சத்தம். அவள் படிகளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ‘அப்போ இன்னும்னா ஈவனா மிஸ்?’ என்றாள். இந்த இடத்தில் ஆமாம் என்றேன். ‘இன்னும் காச்ச வுடலன்னு எழுதணும்னா? அங்கியும் ஈவனா?’ இல்லை, அந்த இன்னும் வேறு, அதற்கு ஸ்டில் வரும், இல்லாவிட்டால் யெட் வரும், அது ஒப்பீடே இல்லை என்று மளமளவென்று சொல்லிக்கொண்டே போனவள் பாதியில் நிறுத்தினேன். ‘ஏம்மா, அம்மாவுக்குத் திரும்பக் காச்சலா?’ என்று கேட்டேன்.

‘இல்ல மிஸ்,’ என்று நோட்டை மூடினாள். ‘சும்மா கேட்டேன்.’